மே மாத வெயில் தொடாத சுவர்

"சென்னைப் புறநகரில் 30க்கு 50 மனை ஒன்று விலை குறைவாக வருகிறது. தெற்கு பார்த்த மனை என்பதால் வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். வாங்கலாமா?" மனை வாங்கப் போகிறவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. பத்திரம், வில்லங்கம், நிலத்தடி நீர் எல்லாம் சரியாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். சென்னை வெயிலுக்கும் காற்றுக்கும் தெற்கே ரோடு உள்ள மனையைவிட நல்லது அமைவது கடினம். ஏன் என்று பார்க்க, சூரியன் நம் தலைக்கு மேல் போகும் பாதையைக் கொஞ்சம் நிதானமாகக் கவனிக்க வேண்டும்.

சூரியன் கிழக்கே உதித்து மேற்கே மறைகிறது, ஆண்டுக்குள் வடக்கும் தெற்குமாக நகர்கிறது என்பது பள்ளியில் படித்ததுதான். வீடு கட்டுகிறவருக்குத் தேவை அதற்கு அடுத்த படி. பூமத்திய ரேகையில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சூரியனின் ஒருநாள் பாதை, தரையில் செங்குத்தாக நட்ட வளையம் போல இருக்கும். மார்ச் 21 அன்று அந்த வளையம் சரியாகத் தலைக்கு மேல் போகும். ஜூனில் 23.4 டிகிரி வடக்கே தள்ளி நிற்கும், டிசம்பரில் அதே அளவு தெற்கே. இப்போது வடக்கு நோக்கி நடந்து சென்னைக்கு வாருங்கள். சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் அத்தனை வளையங்களும் 13 டிகிரி தெற்கே சாய்ந்துவிடும்.

மே 15ஆம் தேதிக்கான வளையத்தை எடுத்துக்கொள்வோம். அது 19 டிகிரி வடக்கே நகர்ந்திருக்கிறது. தெற்கே சாய்ந்ததோ 13 டிகிரி மட்டுமே. ஆகவே உச்சிப் பொழுதிலும் சூரியன் நம் தலைக்கு 6 டிகிரி வடக்கேதான் நிற்கிறது. காலையிலும் மாலையிலும் இன்னும் வடக்கே ஒதுங்கியிருக்கிறது. உதயம் முதல் அஸ்தமனம் வரை ஒரு நொடிகூட அது கிழக்கு மேற்குக் கோட்டைத் தாண்டித் தெற்குப் பக்கம் வருவதில்லை. சென்னையில் ஏப்ரல் 25 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 18 வாக்கு வரை, கத்திரி வெயில் முழுவதும் சேர்த்து, நேர் தெற்கு பார்த்த சுவரில் நேரடி வெயில் அறவே விழாது. ரோட்டிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சமும் வானத்தின் பொதுவான வெளிச்சமும்தான் அதற்கு வரும். டெல்லியில் கதை வேறு. அதன் அட்சரேகை 28 டிகிரிக்கு மேல் என்பதால் ஜூன் மத்தியானத்திலும் சூரியன் தெற்கே நிற்கும். வடக்கே எழுதப்பட்ட அறிவுரையை நம் ஊரில் அப்படியே பின்பற்ற முடியாததற்கு இந்தச் சாய்வுதான் காரணம்.

இதில் இன்னொரு அழகு உண்டு. மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாள்களில் தெற்குச் சுவரில் சன்ஷேடின் நிழல் விளிம்பு எங்கே விழுகிறது என்று காலை 9 மணிக்கு ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். மத்தியானமும் மாலை 4 மணிக்கும் போய்ப் பாருங்கள். நிழல் விளிம்பு அதே கோட்டில்தான் இருக்கும். சூரியன் மேலேறி இறங்கினாலும் நிழல் ஏறாது, இறங்காது. அன்றைக்குச் சூரியன் போகும் வளையம், சுவரின் நீளத்துக்கு இணையான கிழக்கு மேற்குக் கோட்டின் வழியாகவே செல்லும் ஒரு சாய்ந்த தளம். சன்ஷேடின் விளிம்பும் அதே கோட்டுக்கு இணை. அதனால் சூரியன் அந்தத் தளத்தில் எங்கே இருந்தாலும் நிழல் ஒரே மட்டத்தில் விழுகிறது. 4 அடி உயர சன்னலுக்கு அன்று முழுதும் நிழல் தர சென்னையில் 11 அங்குல நீட்டம் போதும். வழக்கமாக வைக்கும் 2 அடி சன்ஷேடு தாராளம். டிசம்பர் மத்தியானத்தில் அதே 2 அடி, சன்னலின் மேல் 2.7 அடியை மறைக்கும். மீதி வழியே வெயில் உள்ளே வரும். மார்கழியில் அது தொந்தரவு இல்லை, ஈரம் காயவும் உதவும்.

இதே சன்னலை மேற்குச் சுவரில் வையுங்கள். மே மாதம் மாலை 4 மணிக்குச் சூரியன் 32 டிகிரி உயரத்தில், சுவருக்கு ஏறக்குறைய நேர் எதிரே நிற்கும். 4 அடி சன்னலை முழுதாக மறைக்க 6 அடிக்கு மேல் சன்ஷேடு வேண்டும். 5 மணிக்குக் கிட்டத்தட்ட 12 அடி. இப்படி யாரும் கட்டுவதில்லை. ஆகவே மேற்கில் சன்ஷேடு என்பது மழைக்கான தடுப்பு மட்டுமே. கிழக்குச் சுவரும் ஏறக்குறைய அதே அளவு வெயில் வாங்குகிறது, ஆனால் இரவில் ஆறிய வீட்டின் மேல், காற்று இன்னும் சூடாகாத நேரத்தில். மேற்கு வெயிலோ காற்றின் வெப்பம் உச்சத்தில் இருக்கும்போது வந்து சேர்கிறது. 9 அங்குலச் செங்கல் சுவரைத் தாண்டி அந்தச் சூடு உள்பக்கம் வர 6 முதல் 8 மணி நேரம் ஆகும். அதாவது 4 மணி வெயில் படுக்கையறைக்குள் வருவது நாம் படுக்கும் நேரத்தில். இரவு 11 மணிக்கு மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, பிறகு தெற்குச் சுவரிலும் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது காற்று. ஏப்ரல், மே மாதங்களில் சென்னையில் காலையில் மேற்கிலிருந்து வறண்ட தரைக்காற்று வீசும். நிலம் சூடேறியதும் மத்தியான வாக்கில் கடற்காற்று உள்ளே புகும். அது கிழக்கு, தென்கிழக்கிலிருந்து தொடங்கி, பூமியின் சுழற்சியாலும் அந்தப் பருவத்தின் பொதுவான தென் காற்றாலும் மெல்லத் தெற்கிலிருந்து வீசும்படி திரும்பும். மேற்குக் காற்று வலுத்து கடற்காற்று தாமதமாகும் நாள்களில்தான் வெப்பம் 40ஐத் தாண்டுகிறது. ஆக, வீட்டுக்கு ஆறுதல் தரும் காற்று தென்கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வருகிறது. நம் முன்னோர் நான்கு காற்றுக்கும் நான்கு பெயர் வைத்திருந்தார்கள்: தெற்கே தென்றல், வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. வெயில் தொடாத சுவரும் தென்றல் வரும் திசையும் ஒன்றாகவே அமைந்திருப்பது சென்னைக்குக் கிடைத்த கொடை.

காற்று சுவரில் நேர்க்குத்தாக மோதவேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். தேவையில்லை. 30 டிகிரி வரை சாய்ந்து வந்தாலும் பயன் குறைவதில்லை என்றும், கிழக்கு மேற்குக் காற்று உள்ள இடங்களில் வெயிலைத் தவிர்க்க வீட்டை 45 டிகிரி திருப்பலாம் என்றும் தேசியக் கட்டடச் சட்டத் தொகுப்பே சொல்கிறது. சென்னையில் வீட்டைத் திருப்ப வேண்டியதே இல்லை. தெற்குச் சன்னலே தென்கிழக்குக் காற்றையும் வாங்கிக்கொள்ளும்.

ஆனால் உள்ளே வரும் காற்றுக்கு வெளியே போகும் வழி வேண்டும். பெரிய சன்னல் வைத்தும் புழுங்குகிற அறைகளில் பெரும்பாலும் இந்த வழிதான் அடைபட்டிருக்கிறது. பகலில் கதவு திறந்திருக்கும்போது காற்று வருகிறது, இரவில் கதவைச் சாத்தியதும் நின்றுவிடுகிறது. ஊதுபத்தி ஒன்றைச் சன்னல் ஓரம் பிடித்தால் தெரியும்: புகை உள்ளே இழுபடாமல் நேரே மேலே போனால் வெளிவழி இல்லை. கதவுக்கு மேல் திறந்து மூடும் வென்டிலேட்டர் வைப்பது மலிவான தீர்வு. அளவு வேண்டுமென்றால், ஓர் அறைக்கு உள்வழியும் வெளிவழியும் சேர்த்துத் தரைப்பரப்பில் 20 முதல் 30 சதவீதம் இருந்தால், வெளியே வீசும் காற்றின் வேகத்தில் சுமார் 30 சதவீதம் உள்ளே கிடைக்கும். 13க்கு 16 ஹாலுக்குத் தெற்கே 6 அடிக்கு 4 அடி சன்னல் ஒன்று, எதிர்ப்பக்கம் அதே அளவு திறப்பு ஒன்று என்றால் 23 சதவீதம் வந்துவிடும்.

இனி அந்த 30க்கு 50 மனை. ரோடு தெற்கே, 30 அடி முகப்பு. விட வேண்டிய இடம் போக ஏறத்தாழ 24க்கு 38 அடிக் கட்டடம் வரும். இங்கே ஒரு சிக்கல்: நீளமான 38 அடிச் சுவர் மேற்கைப் பார்க்கிறது. ஆகவே மேற்கு ஓரம் முழுவதையும் யாரும் நெடுநேரம் தங்காத இடங்களால் நிரப்ப வேண்டும். நடுவில் மாடிப்படி, தென்மேற்குப் படுக்கையறையின் மேற்குப் பக்கம் டாய்லெட்டும் அலமாரியும், வடமேற்கில் சமையலறை. மேற்கில் வென்டிலேட்டர் தவிர வேறு திறப்பு வேண்டாம். ஹால் தென்கிழக்கில், இன்னொரு படுக்கையறை வடகிழக்கில். ஹாலின் தெற்குச் சன்னலிலிருந்து சாப்பாட்டு இடம் வழியாக வடக்கே பின்கதவு வரை குறுக்கே சுவர் இல்லாமல் ஒரு நேர்வழி விடுங்கள். வடக்குச் சன்னல்களுக்கு 2 அடி சன்ஷேடு மே மாதத்தில் மாலை 4 மணி வரை தாங்கும். ஐப்பசி மழை சாய்ந்து வருவதும் வடகிழக்கிலிருந்துதான் என்பதால் அங்கே அதைக் குறைக்க வேண்டாம்.

மேற்கு மனையில் 7 அடி தள்ளி 20 அடி உயரத்தில் வீடு இருந்தால், மாலை 4 மணிக்கு அதன் நிழல் நம் சுவரில் 15 அடி வரை ஏறும், தரைத்தளம் தப்பித்துவிடும். மனை காலியாக இருந்தால் நிழல் இல்லை என்றே வைத்துக் கட்டுங்கள். மொட்டை மாடியை மட்டும் எந்தத் திசையும் காப்பாற்றாது. அதற்கு வெள்ளைப் பூச்சோ தட்டோடோ தனியாகத்தான் வேண்டும்.

சமையலறை அக்னி மூலையில், அதாவது தென்கிழக்கில் இருக்கவேண்டும் என்பார்கள். சென்னையில் அங்கே வைத்தால் அடுப்புச் சூட்டையும் தாளிப்பு நெடியையும் கடற்காற்று மாலை முழுவதும் வீட்டுக்குள் தள்ளும். வாஸ்து பார்ப்பவர்களே இரண்டாவதாக ஒப்புக்கொள்ளும் வாயு மூலை, வடமேற்கு, காற்றுக்கும் சரியாகப் பொருந்துகிறது. வீட்டில் பெரியவர்களிடம் பேச அந்த வழி இருக்கிறது. ஆனால் தெற்கு வாசல் ஆகாது என்ற பயத்தில் தென்றலை அடைத்துவிட்டு மேற்கே ஹால் சன்னல் வைப்பது, இருபது முப்பது வருடம் மின்கட்டணமாகக் கட்டவேண்டிய மூடநம்பிக்கை. நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் வானிலைத் துறை தொடர்ந்து காற்றை அளக்கிறது. அதுபோல ஊர்வாரியாக அளந்து, மாதவாரிக் காற்றுப் படத்தைக் கட்டட அனுமதிப் படிவத்தோடு தமிழில் கொடுக்க அரசு பணம் ஒதுக்கவேண்டும்.

மனை வடக்கே ரோடு உள்ளதாக இருந்தால் அதிக இடத்தைப் பின்பக்கம், தெற்கே விடுங்கள். மேற்கே ரோடு என்றால் நீளச் சுவர்கள் தானாகவே தெற்கும் வடக்கும் பார்க்கும். கட்டடத்தை விதி அனுமதிக்கும் அளவு வடக்கே ஒதுக்கி, தெற்குப் பக்கச் சந்தின் அகலத்தைக் கூட்டுங்கள். முகப்பில் 10 அடி ஆழப் போர்டிகோ மேற்குச் சன்னலை 4 மணி வரை மறைக்கும். எந்த மனையானாலும் கம்பிக் கட்டும் காரும் பக்கத்தில் இல்லாத இடத்தில் நின்று காம்பஸ் பாருங்கள், இரும்பு காம்பஸின் முள்ளைத் திருப்பிவிடும். மே மாதம் 10 அடிக் கம்பில் ரிப்பன் கட்டி, காலை 10, மாலை 3, இரவு 9 மணிக்கு ஒரு வாரம் குறித்துக்கொண்டு, பிறகு இன்ஜினியரிடம் பிளான் போடச் சொல்லுங்கள்.