மேசையிலிருந்து பேனாவைத் தள்ளும் பூனை ஏன் நம் முகத்தைப் பார்க்கிறது?

"என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தள்ளுகிறது, வேண்டுமென்றே செய்கிறது" என்று பூனை வளர்ப்பவர்கள் சொல்வதுண்டு. வேண்டுமென்றே செய்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதில் வன்மம் இல்லை. பூனையின் பார்வையைக் கெட்ட சகுனமாக எண்ணும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் தட்டு வேட்டைக் குணத்தில் பிறப்பது. ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கும் பொருள் பூனையின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. உயிருள்ளதா, ஓடுமா என்று முன்னங்காலால் தட்டித்தான் பார்க்கும். பேனா உருளும், அதுவே போதும், இன்னொரு முறை தட்ட.

அடுத்து நடப்பதுதான் அழகு. பேனா விழுந்ததும் கணினியில் மூழ்கியிருந்தவர் நிமிர்கிறார், "ஏய்!" என்கிறார், எழுந்து வருகிறார். தட்டிய ஓரிரு நொடிக்குள் பலன் கிடைத்துவிட்டது. நல்ல பலன் தந்த செயலை விலங்கு மீண்டும் செய்யும் என்பதை அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1898இல் பூனைகளைக் கூண்டில் அடைத்தே காட்டினார். தற்செயலாகத் தாழ்ப்பாளைத் திறந்து வெளியேறிய பூனை, திரும்பத் திரும்ப அடைக்கப்பட்டபோது மேலும் மேலும் விரைவாக வெளியேறியது. இங்கே தாழ்ப்பாள் பேனா. திறக்கும் கதவு நீங்கள். திட்டுவதும் கவனிப்புதான் என்பதால் அதுவும் பலனாகிவிடுகிறது.

முகத்தைப் பார்ப்பதும் இதன் பகுதியே. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், ரிப்பன் கட்டிய மின்விசிறியின் முன் விடப்பட்ட பூனைகளில் 79 சதவீதம் விசிறியையும் வளர்ப்பவரையும் மாறி மாறிப் பார்த்தன. புதிராக ஏதேனும் நடந்தால் பூனை நம் முகத்தில் விடை தேடுகிறது. கவனம் தன் பக்கம் திரும்பியதா என்று பார்த்த பிறகே டம்ளரை இன்னொரு அங்குலம் நகர்த்துகிறது.

நிறுத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். கண்டுகொள்ளாமல் இருக்கத் தொடங்கியதும் தள்ளுவது குறையாது, முதலில் கூடும். பேனாவுக்குப் பலன் இல்லையென்றால் டம்ளர், அதற்கும் இல்லையென்றால் கைபேசி. வழக்கமான பலன் நின்றால் விலங்கு முயற்சியைக் கூட்டிப் பார்ப்பது இயல்பு. நான்காம் நாள் டம்ளர் உடையும்போது நீங்கள் ஓடிவந்தால், 'பேனா போதாது, டம்ளர் வேண்டும்' என்று கற்றுக்கொடுத்துவிட்டீர்கள். எப்போதாவது மட்டும் கிடைக்கும் பலன்தான் பழக்கத்தை மிக ஆழமாக வேரூன்றச் செய்யும்.

அதனால் உடையக்கூடியவற்றை முதலில் மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். பேனா விழுந்தால் திரும்பாதீர்கள், பூனை இறங்கிப் போன பிறகு எடுங்கள். அது வழக்கமாகத் தள்ளும் நேரத்துக்குக் கால் மணி முன்பே, நூலில் கட்டிய இறகைத் தரையில் இழுத்துப் பத்து நிமிடம் துரத்த விட்டு, பிறகு சாப்பாடு வையுங்கள். காலை ஐந்து மணிக்குத் தள்ளி எழுப்பும் பூனைக்கு, எழுந்தவுடன் சோறு வைக்காதீர்கள். எழுந்ததற்கும் கிண்ணத்துக்கும் நடுவே அரை மணி இடைவெளி விட்டால், தள்ளியதையும் சோற்றையும் அது முடிச்சுப் போடாது.