கணக்கில் கை தவறினால் எத்தனை புள்ளி போகும்?

உயர்தரப் பௌதிகவியலில் கணிப்பானுக்கு இடமில்லை. பெருக்கல், வகுத்தல் எல்லாம் கையால்தான். முறை தெரிந்த பிள்ளையும் எங்காவது வழுக்கும். பல்தேர்வில் வழுக்கினால் அந்தப் புள்ளி போனதுதான். இரண்டாம் வினாத்தாளில் அப்படியில்லை. அங்கே சமன்பாடு, பிரதியீடு, விடை என்று புள்ளி பிரிந்து கிடக்கும்.

யாழ்ப்பாணத்துக் கிணற்றையே எடுப்போம். 8 m ஆழத்திலிருந்து 5 நிமிடத்தில் 600 kg தண்ணீரை மோட்டர் இறைக்கிறது. குழாயால் வெளிவரும் கதி 4 m s⁻¹. g = 10. மோட்டர் நீருக்குக் கொடுக்கும் வலு என்ன? சமன்பாட்டுக்கு 1, பிரதியீட்டுக்கு 1, அலகோடு விடைக்கு 1 என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு செக்கனுக்கு 600/300 = 2 kg. எனவே

P = 2×10×8 + ½×2×4²

சரியான விடை 176 W. ஒரு பிள்ளை அவசரத்தில் 4² ஐ 8 என்று எடுத்து 168 W எழுதுகிறது. மேலே உள்ள வரி தாளில் இருப்பதால் போவது விடைக்கான 1 மட்டும். அந்த வரியை எழுதாமல், மனதில் செய்து 168 என்று மட்டும் போட்டிருந்தால் மூன்றும் போயிருக்கும். திருத்துபவர் மனதைப் படிக்க முடியாது அல்லவா?

நேரத்தை 300 s ஆக்காமல் 5 என்றே போடுவது வேறு கதை. பிள்ளைகள் அதையும் "சின்னப் பிழை" என்பார்கள். ஆனால் பிழை பிரதியீட்டிலேயே இருப்பதால் அந்தப் புள்ளியும் விடைப் புள்ளியும் சேர்ந்து போகும். இயக்கசக்தி உறுப்பையே விட்டுவிட்டால் அது கூட்டல் பெருக்கல் பிழையே அல்ல, சமன்பாடே பிழை.

சரி, அடுத்த பகுதி: வினைத்திறன் 40% எனில் மோட்டருக்குக் கொடுக்க வேண்டிய வலு? 176/0.4 = 440 W. நம் பிள்ளை 168/0.4 = 420 W எழுதும். முறையில் குறையில்லை, உள்ளே வந்த எண்தான் பழையது. இங்கே அந்த வினாவின் புள்ளித் திட்டம்தான் தீர்மானிக்கும். லண்டன் உயர்தரம் செய்பவர்கள் தங்கள் திட்டங்களில் ecf என்ற எழுத்துகளைப் பார்த்திருப்பார்கள்: முன்பகுதிப் பிழையைக் கொண்டுவந்து சரியாகச் செய்தால் மறுபடி வெட்டாதே என்பது அதன் பொருள். அதற்கும் 168 எங்கிருந்து வந்தது, 0.4 ஆல் வகுத்தது எப்படி என்பது தாளில் தெரிய வேண்டும்.

"வலு 176 W எனக் காட்டுக" என்று கேட்டிருந்தால் விஷயம் இன்னும் சுலபம். உங்களுக்கு 168 வந்தாலும் அடுத்த பகுதிக்கு 176 ஐயே எடுங்கள், அது வினாவே தந்த எண். ஆனால் முன்பகுதியில் 168 ஐ அழித்து 176 என்று மாற்றிவிட்டு மேல்வரியை அப்படியே விடாதீர்கள். ½×2×8 என்று எழுதிய வரி 176 தராது என்பது திருத்துபவருக்கு உடனே தெரியும்.