ஆன்லைன் சந்தை நிறுவனத்தின் வருவாய்: முழு விலையா, கமிஷன் மட்டுமா?

ஒரு நாற்காலி ஆன்லைன் தளம் வழியாக 10,000 ரூபாய்க்கு விற்கிறது. தளம் அதில் 8,500 ரூபாயைத் தயாரிப்பாளருக்குக் கொடுக்கிறது. தளத்தின் கணக்கில் வருவாய் 10,000 ஆகலாம், 1,500 ஆகவும் இருக்கலாம். எப்படி எழுதினாலும் லாபம் 1,500தான். லாபத்தைப் பார்த்தே சரிபார்த்துப் பழகிய கண்ணுக்கு, வருவாயைத் தவறாக எழுதியது தெரியாமல் போவது இதனால்தான். மாறுவது வருவாயின் அளவும் அதன் வளர்ச்சி வேகமும். முதலீட்டாளர் பார்ப்பதும் நிர்வாகிகளின் போனஸ் கணக்கிடப்படுவதும் பெரும்பாலும் அவற்றை வைத்தே. ஆகவே எண்ணைப் பெரிதாகக் காட்டும் ஆசை எங்கே இருக்கிறது என்பதைத் தணிக்கையாளர் முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள, வருவாய்க்கான கணக்கியல் தரநிலையான இண்ட் ஏஎஸ் 115, பி34 முதல் பி38 வரையிலான பத்திகளில் இதற்கு விதி சொல்கிறது. பொருள் வாங்குபவர் கைக்குப் போகும் முன் அது நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்ததா என்பதே கேள்வி. இருந்தால் நிறுவனம் பிரின்சிபல், முழு விலையும் வருவாய். இல்லையென்றால் ஏஜென்ட், தன்னிடம் நிற்கும் தொகை மட்டுமே வருவாய். வாக்குறுதியை நிறைவேற்றும் பொறுப்பு, சரக்கின் நட்ட அபாயம், விலை வைக்கும் உரிமை என மூன்று அடையாளங்களை விதி தருகிறது. இவை கட்டுப்பாட்டை ஆராய உதவுபவை மட்டுமே. மூன்றில் இரண்டு பொருந்தினால் போதும் என்று எண்ணிக்கை போடுவது தவறு. விலை வைக்கும் உரிமை ஏஜென்ட்டுக்கும் இருக்கலாம் என்று விதியே சொல்கிறது.

மேற்சொன்ன நாற்காலியில் சிக்கல் என்னவென்றால், பில் தளத்தின் பெயரில் போகிறது. ஆர்டர் வந்த பிறகு, பொருள் தயாரிப்பாளரின் கிடங்கிலிருந்து கிளம்பும் நொடியில்தான் தளம் அதை வாங்கியதாக ஒப்பந்தம் சொல்கிறது. உடனே அது வாங்குபவருக்கு விற்றதாகிவிடுகிறது. "எங்கள் பெயரில் பில் இருக்கிறது, ஆகவே நாங்கள் பிரின்சிபல்" என்று நிர்வாகம் வாதிடும். ஆனால் உரிமை ஒரு நொடி கைமாறிப் போவதால் மட்டும் கட்டுப்பாடு வந்துவிடாது. அந்த நாற்காலியை வேறொருவருக்குத் திருப்பிவிட தளத்தால் முடிந்ததா? ஆர்டர் வராவிட்டால் அதை வாங்கியே தீர வேண்டும் என்ற கடமை இருந்ததா? இரண்டுக்கும் இல்லை என்பதே பதிலானால் வாதம் பெரிதும் பலவீனமாகிறது.

இதை உறுதிசெய்ய எங்கள் தேர்வு ரிட்டர்ன் ஆன ஆர்டர்கள். விற்றுப்போன பொருளில் அபாயம் கண்ணுக்குத் தெரியாது, திரும்பி வந்ததில்தான் தெரியும். மாதிரியாக எடுத்த ஒவ்வொரு ரிட்டர்னையும் கடைசிவரை தொடருங்கள்: வாங்குபவருக்குப் பணம் திரும்பிய தேதி, பொருள் போய்ச் சேர்ந்த கிடங்கு, தயாரிப்பாளரின் அடுத்த செட்டில்மென்ட் அறிக்கையில் பிடிக்கப்பட்ட தொகை. தளம் முதலில் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த செட்டில்மென்டில் அந்த 8,500ஐத் தயாரிப்பாளரிடம் கழித்துக்கொண்டால் சரக்கு அபாயம் தளத்துடையது அல்ல. உடைந்து வந்ததையும் இப்படியே பாருங்கள். ஒப்பந்தத்தில் ஒன்று எழுதியிருந்து லெட்ஜரில் வேறு நடந்தால், உரிமைகளை நடைமுறை மாற்றிவிட்டதா என்று நிர்வாகத்திடம் கேட்க வேண்டும்.

இங்கே ரிட்டர்ன் எல்லாம் தயாரிப்பாளர் தலையில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தளம் ஏஜென்ட், வருவாய் 1,500. தளம் தன் பங்கிலிருந்து 500 ரூபாய் தள்ளுபடி கொடுத்து 9,500 வசூலித்திருந்தால் நிற்பது 1,000தான். அதே தளம் திரும்பக் கொடுக்கும் உரிமை இல்லாமல் 100 நாற்காலிகளை முன்கூட்டியே வாங்கித் தன் கிடங்கில் வைத்து விற்றால் பிரின்சிபல் ஆகிவிடும். ஒரே நிறுவனத்தில் இரண்டும் கலந்திருப்பது சகஜம். ஆகவே ஒப்பந்த வகை ஒவ்வொன்றுக்கும் தனி முடிவு வேண்டும்.

ஜிஎஸ்டி கணக்கை இதற்குச் சாட்சியாக எடுக்க வேண்டாம். உணவு டெலிவரி தளங்கள் 2022 ஜனவரி 1 முதல், சிஜிஎஸ்டி சட்டம் 9(5) பிரிவின்படி உணவகச் சேவைக்கான வரியைத் தாங்களே கட்டுகின்றன. அதனால் மட்டும் அந்தச் சாப்பாடு தளத்தின் வருவாய் ஆகிவிடாது. நம் நாற்காலியிலும் ஜிஎஸ்டி விற்றுமுதல் 10,000, புத்தக வருவாய் 1,500. ஜிஎஸ்டி கணக்கையும் புத்தகக் கணக்கையும் ஆண்டுதோறும் ஒப்பிடும் ஜிஎஸ்டிஆர்-9சி அறிக்கையில் இந்த வித்தியாசத்துக்கு விளக்கம் இருக்க வேண்டும். மறுபக்கம், ஆன்லைன் தளங்கள் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-8 படிவத்தில் மற்றவர்களின் விற்பனை என்று தளமே அறிவித்த தொகை, புத்தகத்தில் அதன் சொந்த வருவாயாக நின்றால் உடனே காரணம் கேளுங்கள்.

அந்நிய நேரடி முதலீடு உள்ள சந்தைத் தளமாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. நுகர்வோருக்கு நேரடியாக விற்கும் சரக்கைத் தானே வைத்திருக்கும் மாதிரிக்கு அந்த முதலீட்டு விதி பொதுவாக இடம் தருவதில்லை. அப்படிப்பட்ட நிறுவனம் சரக்கு தன் கட்டுப்பாட்டில் இருந்தது என்று சொன்னால், சட்ட இணக்கம் பற்றிய எழுத்துபூர்வ விளக்கத்தையும் கோப்பில் சேர்க்க வேண்டும்.