இருபத்திரண்டு டன்னா, முப்பத்தெட்டு டன்னா?

சுங்கை சிப்புட்டில் பழைய லயத்துக்குப் பின்னால் மாமா வீடு கட்டினார். பெரிய ரோட்டிலிருந்து அவர் வாசல் வரை ஒரு பாதை போட வேண்டும். நீளம் 30 மீட்டர், அகலம் 3 மீட்டர். ரோலர் அடித்து முடித்த பிறகு 15 சென்டிமீட்டர் கனம் நிற்க வேண்டும். கல், கிரஷர் ரன். எலுமிச்சம்பழ அளவுக் கல்லில் தொடங்கி மாவு மாதிரியான தூள் வரை, குவாரியில் உடைத்ததைத் தனித்தனியாகப் பிரிக்காமல் கொடுப்பார்களே, அதுதான்.

லோரிக்காரர் போனில் ஒன்றுதான் கேட்டார்: "எத்தனை டன் அண்ணே?"

மாமா ஒரு தாளில் கணக்குப் போட்டு 22 என்றார். அவர் மகன் போனில் தட்டிப் பார்த்து 38 என்றான். இரண்டு பேரும் பெருக்கலில் தப்புப் பண்ணவில்லை. ஆனால் இரண்டு விடையும் தப்பு. எங்கே தப்பு என்று பார்த்தால் இந்த விஷயம் முழுக்க விளங்கிவிடும்.

பால் டின்னில் அரிசி அளந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. டின்னை நிரப்பித் தரையில் நாலு தட்டுத் தட்டினால் அரிசி இறங்கிவிடும். மேலே இன்னொரு கைப்பிடி பிடிக்கும். அரிசி குறையவில்லை, இடையில் இருந்த காற்றுதான் வெளியே போனது. கிரஷர் ரன்னிலும் அதேதான் நடக்கிறது, ஆனால் இன்னும் அதிகமாக நடக்கிறது. காரணம் அதன் கலவை. பெரிய கல்லுக்கு இடையிலுள்ள சந்தில் சின்னக் கல், அதன் சந்தில் இன்னும் சின்னது, கடைசிச் சந்தில் தூள். ஒரே அளவுச் சல்லியை எவ்வளவு அடித்தாலும் கொஞ்சம்தான் இறங்கும், சந்தை நிரப்ப அங்கே ஆள் இல்லை.

எண்ணில் சொன்னால், உடைக்காத முழுப் பாறை ஒரு கன மீட்டர் சுமார் 2.7 டன். லோரி கொட்டிய தளர்ந்த கிரஷர் ரன் ஒரு கன மீட்டருக்கு 1.6 அல்லது 1.65 டன்தான் வரும். அதாவது குவியலில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் காற்று. நன்றாக அடித்து இறுக்கினால் 2.15 டன் அளவுக்கு வரும்; காற்று இருபது சதவீதமாகிவிடும். 2.15-ஐ 1.65-ஆல் வகுத்தால் 1.3. இதைத்தான் இறுக்கக் காரணி என்கிறோம். இறுக்கிய பிறகு ஒரு கன மீட்டர் வேண்டுமென்றால் தளர்ச்சியாக 1.3 கன மீட்டர் கொட்ட வேண்டும். குவாரிக்குக் குவாரி இது கொஞ்சம் மாறும்.

இனி மாமா கணக்குக்கு வருவோம். 30 × 3 × 0.15 = 13.5 கன மீட்டர். இது இறுக்கிய பிறகு நிற்க வேண்டிய அளவு. அவரோ தளர்ந்த கல்லின் எடையால் பெருக்கினார்: 13.5 × 1.6 = 21.6. அந்த 22 டன்னைப் போட்டு ரோலர் ஓட்டினால் பாதை 11 சென்டிமீட்டர் கனத்தில்தான் நிற்கும். மகன், கல் இறங்கும் என்று தெரிந்து 1.3-ஆல் பெருக்கினான். அது சரி. அப்புறம் அதையே இறுக்கிய எடையான 2.15-ஆலும் பெருக்கினான். 13.5 × 1.3 × 2.15 = 37.7. ஒரே இறுக்கத்தை இரண்டு தடவை கணக்கில் சேர்த்துவிட்டான். கிட்டத்தட்ட ஒன்பது டன் வீண்.

ரோலர் ஏறினால் கல்லின் கன அளவு குறையும், எடை குறையாது. அதனால் டன்னில் ஆர்டர் செய்பவர் இறுக்கிய அளவை இறுக்கிய எடையால் பெருக்கினால் போதும்: 13.5 × 2.15 = 29 டன். வேறு வழியாகவும் போகலாம்: 13.5 × 1.3 = 17.55 கன மீட்டர் தளர்ந்த கல், அதை 1.65-ஆல் பெருக்கினால் அதே 29. இரண்டு வழியிலும் ஒரே விடை வரவில்லை என்றால் எங்கோ கலந்துவிட்டோம் என்று அர்த்தம். கல்லை டன்னில் இல்லாமல் லோரித் தொட்டியின் கன அளவில் விற்றால்தான் 1.3 உங்களுக்கு உண்மையில் தேவைப்படும்.

இந்த 29-ஓடு நிறுத்தவும் கூடாது. பாதையின் ஓரம் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்காது, சரிந்து இறங்கும். இரண்டு பக்கச் சரிவுக்கும் சேர்த்து இந்த நீளத்துக்கு ஒன்றரை டன் ஆகும். இன்னொன்று தண்ணீர். எங்கள் பக்கம் சாயங்கால மழை பெய்யாத வாரம் குறைவு. நனைந்த கிரஷர் ரன்னில் ஐந்து சதவீதம் தண்ணீர் இருப்பது சாதாரணம், குவாரியின் எடைமேடைக்குக் கல்லும் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். 30.5 டன் உலர்ந்த கல் வேண்டுமென்றால் சீட்டில் 32 இருக்க வேண்டும். தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோமே என்று மாமா சலித்துக்கொண்டார். ஆனால் அந்த ஈரம் இல்லாமல் கல் இறுகாது. தூளைக் கையில் எடுத்து அமுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. காய்ந்து பறந்தால் தெளிக்க வேண்டியதுதான்.

1.3-ஐ நம்பவில்லை என்றால் ஒரு வாளி போதும். 10 லிட்டர் வாளியில் கல்லைத் தளர்ச்சியாக விளிம்பு வரை நிரப்பி எடை போடுங்கள். கொட்டிவிட்டு, மூன்று தடவையாகப் போட்டு ஒவ்வொரு தடவையும் மரக்கட்டையால் நன்றாக இடித்து, அதே விளிம்பு வரை நிரப்பி மறுபடி எடை போடுங்கள். நான் செய்தபோது 16.3 கிலோ, அப்புறம் 20.2 கிலோ. விகிதம் 1.24. கை இடி ரோலர் அளவுக்கு வராது, ஆகவே உண்மையான எண் இதைவிடக் கொஞ்சம் மேலேதான் இருக்கும்.

லோரி இரண்டு நடை வந்தது. தள்ளிப் போகும் சின்ன அதிர்வு ரோலர்தான் வாடகைக்குக் கிடைத்தது. அதன் அடி 15 சென்டிமீட்டர் வரை இறங்காது. மேலே கெட்டியாகும், கீழே தளர்ந்தே கிடக்கும். ஆறு மாதத்தில் சக்கரத் தடத்தில் பள்ளம் விழும் பாதைகளில் பல இப்படிப்பட்டவை. அதனால் 10 சென்டிமீட்டர் தளர்ச்சியாகப் பரப்பி, அது ஏழரைக்கு இறங்கும் வரை அடித்து, மேலே இன்னொரு அடுக்கு போட்டோம். குச்சி நட்டுக் கயிறு கட்டியிருந்ததால் எவ்வளவு இறங்கியது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. ரோலர் போன இடத்தில் தடம் விழாமல், மேலும் இறங்காமல் இருந்தால் அந்த அடுக்கு முடிந்தது.

கால்வாய்ப் பக்கம் மட்டும் ஒரு நாலடி இடம் அடங்கவே இல்லை. ரோலர் வரும்போது அதன் முன்னால் தரை மெத்தை மாதிரி எழும்பியது. அங்கே கல்லைக் கொட்டிக்கொண்டே இருந்தால் டன் கணக்கு எதுவும் நிற்காது, அடியிலுள்ள களிமண் விழுங்கிக்கொண்டே இருக்கும். அது இறுக்கமில்லை, புதைவு. கல்லை அள்ளி ஒதுக்கிவிட்டு, சேற்றை ஒரு முழம் தோண்டி எடுத்து, கல்லும் மண்ணும் கலக்காமல் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, மறுபடி நிரப்பினோம். மறுநாள் நாலு இடத்தில் கடப்பாரையால் தோண்டி அளந்து பார்த்தேன்: மூன்று இடத்தில் 15, கால்வாய்ப் பக்கம் 13. மிச்சம் ஒரு தள்ளுவண்டிக் கல் இருந்தது, அங்கே போய்விட்டது.