சென்னைக் கடையில் கிடக்கும் கண்டாங்கி யார் கணக்கில்?

மார்ச் 31 அன்று காரைக்குடியில் ஒரு வீட்டின் இரண்டாங்கட்டில் உட்கார்ந்து சேலைகளை எண்ணிக்கொண்டிருந்தோம். நெசவாளர்களிடம் கண்டாங்கி வாங்கி வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பும் ஆச்சி ஒருவருக்கு ஆண்டு முடிவுக் கணக்கு எழுதித் தருபவன் நான். அலமாரியில் இருந்ததை எண்ணி முடித்ததும் ஆச்சி கேட்டார்: "சென்னையில் கொஞ்சம் இருக்கிறது, பெங்களூரில் கொஞ்சம் இருக்கிறது. அதையும் இருப்பில் சேர்க்க வேண்டுமா, தம்பி?"

"என்ன பேச்சில் அனுப்பினீர்கள், ஆச்சி?"

"சென்னைக்கு அப்ரூவல். பெங்களூருக்குக் கமிஷன்."

இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்களே அதிகம். சரக்கு கையைவிட்டுப் போகிறது, பணம் வரவில்லை, விற்காதது திரும்பி வரும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் சட்டத்தில் இவை வேறு வேறு. அப்ரூவலில் போனால், அந்தக் கடைக்காரரே நம்மிடம் வாங்கப் போகிறவர். வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய அவருக்குத் தவணை கொடுத்திருக்கிறோம். கமிஷனுக்குப் போனால், கடைக்காரர் ஒருநாளும் வாங்குபவர் ஆவதில்லை. அவர் நம் ஆள். நமக்காக விற்றுக் கொடுத்துக் கூலி எடுத்துக்கொள்கிறார். பாடப் புத்தகங்கள் இதை அனுப்பீடு என்கின்றன.

முதலில் சென்னைக் கட்டு. 2025 பிப்ரவரி 20 அன்று 40 சேலைகள் போயின. ஆச்சிக்கு அடக்கம் சேலைக்கு 1,100 ரூபாய். கடைக்காரருக்குப் பேசிய விலை 1,500. 60 நாளுக்குள் வேண்டாததைத் திருப்பிவிட வேண்டும் என்று சலானிலேயே எழுதியிருந்தார்கள். அந்தக் கெடு ஏப்ரல் 21 அன்று முடிகிறது.

சரக்கு விற்பனைச் சட்டம், 1930 இதற்கென்றே 24ஆம் பிரிவை வைத்திருக்கிறது. அப்ரூவலில் போன சரக்கு கடைக்காரருடையதாக மாறுவதற்கு மூன்று வழிகள். எடுத்துக்கொண்டேன் என்று அவர் சொல்லலாம். வாயால் சொல்லாமலே, தன் சொத்துபோல அதைக் கையாளலாம். தன் வாடிக்கையாளருக்கு விற்பதும், எங்காவது அடகு வைப்பதும் இந்தக் கணக்கில் சேரும். மூன்றாவது வழியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒன்றும் சொல்லாமல், சரக்கையும் திருப்பாமல் வைத்திருந்தால், கெடு முடிந்ததும் அது அவருடையது. கெடு எழுதாமல் அனுப்பியிருந்தால் 'நியாயமான காலம்' கழிந்ததும் அவருடையது. எது நியாயமான காலம் என்பதற்கு ஆளுக்கொரு பதில் இருக்கும். ஆகவே சலானில் ஒரு தேதியைப் போட்டுவிடுவது நல்லது.

மார்ச் 31 நிலவரம் என்ன? 15 சேலைகளை விற்றுவிட்டதாகக் கடைக்காரர் மார்ச் 28 அன்று தகவல் அனுப்பியிருந்தார். 25 சேலைகள் அவர் கடையில் மடிப்புக் கலையாமல் கிடந்தன. கெடு இன்னும் முடியவில்லை. எனவே 15 விற்பனை. 25 ஆச்சியின் சரக்கு. சென்னையில் எந்தத் தட்டில் இருந்தாலும் அது காரைக்குடி இருப்புதான்.

பேரேட்டைப் பார்த்தால் கதை வேறாக இருந்தது. பிப்ரவரி 20 அன்றே 60,000 ரூபாய் விற்பனை என்று எழுதி, கடைக்காரர் பெயரில் முழுவதையும் பற்று வைத்திருந்தார்கள். அதன்படி அந்தக் கட்டில் 16,000 ரூபாய் லாபம். உண்மையில் விற்றது 15. சேலைக்கு 400 வீதம் லாபம் 6,000 தான். வராத பத்தாயிரத்துக்கு வருமான வரி கட்டவிருந்தார் ஆச்சி.

திருத்தம் எளிது, ஆனால் இரண்டு அடியாகச் செய்ய வேண்டும். விற்பனைக் கணக்கில் 37,500 பற்று, கடைக்காரர் கணக்கில் 37,500 வரவு. அவரிடமிருந்து வரவேண்டியது 22,500 ஆகிவிடும். அடுத்து, அந்த 25 சேலைகளை அடக்க விலையில், அதாவது 27,500 ரூபாய்க்கு, ஆண்டிறுதி இருப்பில் சேர்க்க வேண்டும். முதல் அடியை மட்டும் செய்துவிட்டு நிறுத்துகிறவர்கள் உண்டு. அப்போது சேலை விற்பனையிலும் இல்லாமல் இருப்பிலும் இல்லாமல் காணாமல் போகும். லாபம் தேவைக்கு மேல் குறைந்துவிடும். இருப்பை 1,500 என்ற விற்கும் விலையில் எழுதுவதும் தவறே. விற்காத சேலையில் லாபம் இல்லை.

இந்தச் சுற்றுவழியே வேண்டாம் என்றால், அப்ரூவல் சரக்கு போகும் நாளில் பேரேட்டில் எதையும் எழுதக்கூடாது. தனியாக ஒரு பதிவேடு போதும்: சலான் எண், தேதி, எத்தனை, கெடு எப்போது, எடுத்துக்கொண்டது, திரும்பியது, பாக்கி. எடுத்துக்கொண்ட தகவல் வரும்போது பில் போட்டு, அப்போது பேரேட்டுக்குக் கொண்டுவரலாம். மார்ச் 31 அன்று கடைக்காரரிடம் பாக்கி எண்ணிக்கையை எழுத்தில் வாங்கி அந்தப் பதிவேட்டோடு சரிபார்க்க வேண்டும். "அங்கே பத்திரமாக இருக்கிறது" என்ற தொலைபேசிப் பேச்சு கணக்குக்கு ஆதாரமாகாது.

ஜிஎஸ்டிக்கு வருவோம். அப்ரூவலில் அனுப்பும்போது வரி பில் தேவையில்லை. டெலிவரி சலானுடன் சரக்கு போகலாம். சலான் மூன்று பிரதி: ஒன்று பெறுபவருக்கு, ஒன்று லாரிக்காரருக்கு, ஒன்று நமக்கு. பில் எப்போது போடுவது என்பதை மத்திய ஜிஎஸ்டி சட்டம், 2017-இன் 31(7) பிரிவு சொல்கிறது: விற்பனையாகும்போது அல்லது அதற்கு முன், அல்லது சரக்கு புறப்பட்டதிலிருந்து ஆறு மாதம், இதில் எது முந்துகிறதோ அப்போது.

கடைத்தெருவில் இந்த விதி 'ஆறு மாதம் டைம் இருக்கிறது' என்று சுருங்கிவிட்டது. அந்த ஆறு மாதம் கடைசி எல்லை மட்டுமே, சலுகைக் காலம் இல்லை. ஆச்சியின் கட்டுக்கு அந்த எல்லை ஆகஸ்ட் 20. ஆனால் விற்றுவிட்டதாகத் தகவல் வந்த 15 சேலைகளுக்கு மார்ச்சிலேயே பில் போட வேண்டும். மீதி 25-க்குக் கெடு முடிந்த ஏப்ரல் 21 அன்றே விற்பனை நடந்துவிடுகிறது. ஆகஸ்ட் வரை காத்திருந்தால் அது தாமதம். மாறாக, கெடுவை எட்டு மாதம் என்று எழுதியிருந்தால், ஆறாம் மாதத்தில் வரி பில் போட்டாக வேண்டும். சேலையோ கணக்குப் புத்தகத்தில் இன்னும் நம் இருப்புதான். வரிக் கணக்கும் பேரேடும் இப்படி ஒத்துப்போகாத இடத்தில் காரணத்தை ஒரு தாளில் எழுதிக் கோப்பில் வைப்பது பிற்பாடு வரும் நோட்டீசுக்குப் பதில் சொல்ல உதவும்.

நடந்தது என்ன தெரியுமா? ஏப்ரல் 21 வரை சென்னையிலிருந்து பேச்சு மூச்சு இல்லை. மே 5 அன்று 10 சேலைகள் பஸ் பார்சலில் திரும்பி வந்தன. ஆச்சி அதை அலமாரியில் அடுக்கிவிட்டு, அப்ரூவல் ரிட்டன் என்று எழுதச் சொன்னார். அது சரியில்லை. கெடு முடிந்தபோதே அந்த 25-உம் கடைக்காரர் சொத்து. திருப்பி அனுப்ப அவருக்கு உரிமை இல்லை. பழகிய மனிதர், ஏற்றுக்கொள்கிறோம் என்றால் அது விற்பனைத் திருப்பம். 25-க்கும் ஏப்ரல் தேதியில் பில், பிறகு 10-க்கு 15,000 ரூபாய்க்குக் கிரெடிட் நோட்டு, அதற்குரிய 5 சதவீத வரி 750 குறையும். இந்தக் கிரெடிட் நோட்டை வரிக் கணக்கில் காட்ட, விற்பனை நடந்த நிதியாண்டு முடிந்த பின் வரும் நவம்பர் 30 வரை இடம் உண்டு.

பெங்களூர்க் கட்டு வேறு வகை. 60 சேலைகள், அடக்கம் 66,000; கட்டுக்கூலி, லாரி வாடகை 1,200. ஆண்டு முடிவுக்குள் 45 சேலைகளைத் தலா 1,600-க்கு விற்றதாகக் கமிஷன் கடையிலிருந்து விற்பனைச் சீட்டு வந்திருந்தது. விற்றது 72,000, பத்து சதவீதக் கமிஷன் 7,200 கழித்து 64,800 அனுப்ப வேண்டியது. கமிஷனுக்கான வரியை இங்கே விட்டுவிடுகிறேன்.

இங்கே கெடு என்ற பேச்சே இல்லை. விற்காத 15 சேலைகள் எத்தனை மாதம் கிடந்தாலும் ஆச்சியுடையவை. அவற்றின் மதிப்பு 1,100 அல்ல, 1,120. பெங்களூர் கொண்டுபோய்ச் சேர்த்த செலவு 60 சேலைக்கு 1,200. அதில் தலைக்கு இருபது ரூபாய் அடக்கத்தில் ஏறும். ஆக இருப்பு 16,800. கமிஷனும், அந்த ஊரில் சேர்ந்த பிறகு ஆகும் கிடங்கு வாடகையும் விற்பதற்கான செலவு. அதை இருப்பின் மதிப்பில் ஏற்றக்கூடாது. 72,000-உம் 16,800-உம் சேர்த்து, அதிலிருந்து 66,000, 1,200, 7,200 கழித்தால் லாபம் 14,400.

வரியில்தான் திருப்பம். கமிஷன் கடை வாடிக்கையாளருக்கு யார் பெயரில் பில் போடுகிறது? ஆச்சியின் பெயரில் என்றால், சேலை விற்கும்போது வரி. கடை தன் சொந்தப் பெயரில் பில் போட்டால், சரக்கு காரைக்குடியைவிட்டுப் புறப்பட்டதே வரிக்குரிய விற்பனையாகக் கருதப்படும். ஜிஎஸ்டி சட்டத்தின் முதல் அட்டவணை அப்படிச் சொல்கிறது. 2018 செப்டம்பரில் வந்த 57ஆம் எண் சுற்றறிக்கையும் பில் யார் பெயரில் என்பதையே உரைகல்லாக வைக்கிறது. அனுப்பும்போதே வரி பில் போட வேண்டும். மதிப்பாக, கடை விற்கும் விலையில் 90 சதவீதத்தை எடுத்துக்கொள்ள விதி இடம் தருகிறது: சேலைக்கு 1,440, அறுபதுக்கு 86,400, வரி 4,320. கர்நாடகத்துக்குப் போவதால், மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஐஜிஎஸ்டி. கடைக்காரர் அந்த வரியைத் தன் உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்வார்.

ஆச்சிக்கு இது பிடிக்கவில்லை. "விற்காத சேலைக்கும் வரி கட்டிவிட்டேன், ஆனால் அது என் இருப்பில் இருக்கிறது என்கிறாயே?" என்றார். ஆமாம். வரி பில் போட்டதாலேயே பேரேட்டில் விற்பனை ஆகிவிடாது. அந்த 15 சேலைகளில் தண்ணீர் இறங்கினாலும் எலி கடித்தாலும் நஷ்டம் ஆச்சிக்கே. கடைக்காரர் கவனக்குறைவாக இருந்தார் என்று காட்ட முடிந்தால்தான் அவரிடம் கேட்கலாம். சென்னைச் சேலைகளுக்கும் ஏப்ரல் 21 வரை இதே நிலைதான். ஆச்சியின் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பார்த்தோம். அதில் காரைக்குடி முகவரி மட்டும் இருந்தது.