உங்கள் ஆலோசகர் சட்டப்படி யார் பக்கம்? ஓய்வுக்காலப் பணமும் ‘ஃபிடூசியரி’ என்ற சொல்லும்

கோயில் நிலம் தர்மகர்த்தாவின் பொறுப்பில் இருக்கும், ஆனால் அவருக்குச் சொந்தமில்லை. நல்ல குத்தகைக்கு ஆள் இருக்கும்போது தன் மைத்துனருக்குக் குறைந்த தொகைக்கு விட்டால், “பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லையே” என்று அவர் தப்பிக்க முடியாது. கோயிலுக்கு எது நல்லது என்பதைத் தவிர வேறு எதையும் கணக்கில் எடுக்க அவருக்கு உரிமை இல்லை. ஃபிடூசியரி என்ற சட்டச் சொல்லின் பொருள் ஏறக்குறைய இதுதான்: அடுத்தவர் நலனைத் தன் நலனுக்கு மேலே வைக்கும் கடமை.

இந்தியாவில் பணம் பற்றி யோசனை சொல்லும் பலரில் இந்தக் கடமை எழுத்தில் இருப்பது, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகருக்கு, அதாவது ஆர்ஐஏவுக்கு. 2013ஆம் ஆண்டு முதலீட்டு ஆலோசகர் விதிமுறைகளின் 15ஆவது விதி, அவர் வாடிக்கையாளரிடம் ஃபிடூசியரி நிலையில் செயல்பட வேண்டும், நலன் முரண் எழும்போதெல்லாம் அதை வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. தான் பரிந்துரைக்கும் திட்டத்துக்காக வாடிக்கையாளரைத் தவிர வேறு யாரிடமும் அவர் காசு வாங்கக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஒரே குடும்பத்துக்கு ஆலோசனையும் சொல்லி, கமிஷனுக்குத் திட்டமும் விற்கும் வழி அடைபட்டுவிட்டது.

மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தர், காப்பீட்டு முகவர், வங்கியின் ரிலேஷன்ஷிப் மேனேஜர் ஆகியோர் சட்டத்தின் கண்ணில் விற்பனைத் தரப்பு. அவர்களுக்கும் விதிகள் உண்டு, பொருந்தாத திட்டத்தைத் தலையில் கட்டக் கூடாது. ஆனால் பொருந்தக்கூடிய இரண்டில் தனக்கு அதிகம் தருவதை எடுத்து நீட்டினால் அது குற்றமாகாது. இங்கே நல்லவர், கெட்டவர் என்ற பேச்சுக்கு இடமில்லை. இருபது வருடப் பழக்கமுள்ள முகவர் தங்கமான மனிதராகவே இருக்கலாம். அவருக்குச் சம்பளம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

அந்தத் திசை ஆலோசனையை எப்படி வளைக்கிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். கற்பனை உதாரணம்தான். 60 வயதில் தனியார் நிறுவனத்திலிருந்து ஓய்வு பெற்றவர், பிஎஃப், கிராஜுவிட்டி சேர்த்து 60 லட்சம். பென்ஷன் இல்லை. மாதம் 35,000 ரூபாய் வேண்டும்.

பணம் கணக்கில் ஏறியதுமே தொலைபேசி வரும். வழக்கமாக வரும் யோசனை இப்படி இருக்கும்: ஆண்டுக்கு 3 லட்சம் வீதம் 10 ஆண்டு கட்டும் ஒரு ‘உறுதி வருமான’ பாலிசி, மீதி 57 லட்சம், பங்கும் கடன் பத்திரமும் கலந்த ஒரு ஹைபிரிட் ஃபண்டில், அதுவும் விநியோகஸ்தருக்குக் கமிஷன் போகும் ரெகுலர் பிளானில், அதிலிருந்து மாதாமாதம் குறித்த தொகையை எடுக்கும் எஸ்டபிள்யூபி மூலம் மாதம் 35,000. முதல் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வேறு வருமானம் இல்லாதவர் இரண்டாம் ஆண்டிலிருந்து பிரீமியத்தையும் அந்த ஃபண்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். வீட்டுச் செலவுக்கு 4.2 லட்சம், பிரீமியத்துக்கு 3 லட்சம். 57 லட்சத்திலிருந்து ஆண்டுக்கு 7.2 லட்சம், அதாவது 12 சதவீதத்துக்கு மேல். ஹைபிரிட் ஃபண்டு நீண்ட காலத்துக்கு அவ்வளவு ஈட்டும் என்று நம்பி இறங்க முடியாது. தொடக்க ஆண்டுகளில் சந்தை சரிந்தால், சரிந்த விலையில் யூனிட்டுகளை விற்றுத் தின்ன வேண்டிவரும், மீள்வதற்கு யூனிட் மிஞ்சாது. நடுவில் பாலிசியை நிறுத்தினாலோ, கைக்குத் திரும்பும் சரண்டர் மதிப்பு ஆரம்ப ஆண்டுகளில் பெரும்பாலும் கட்டியதைவிடக் குறைவு.

அதே மனிதருக்கு ஃபிடூசியரி கடமை உள்ளவர் எங்கிருந்து தொடங்குவார்? தபால் நிலையத்தில் கிடைக்கும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அதிகபட்ச வரம்பான 30 லட்சம். 8.2 சதவீத வட்டியில் காலாண்டுக்கு 61,500, மாதத்துக்கு 20,500 ரூபாய். பற்றாக்குறை மாதம் 14,500, ஐந்தாண்டுக்கு 8.7 லட்சம். அதற்காக 9 லட்சம் வங்கி வைப்பிலும், குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் லிக்விட் ஃபண்டிலும். ஐந்து ஆண்டுக்குத் தொட வேண்டியதில்லாத 21 லட்சம், விலைவாசியோடு ஓடுவதற்காக, விநியோகஸ்தர் இல்லாமல் நேரடியாக வாங்கும் மியூச்சுவல் ஃபண்டு டைரக்ட் பிளானில். வரியும், ஆண்டுதோறும் ஏறும் செலவும் இந்தக் கணக்கில் இல்லை. அவற்றை வருடா வருடம் சரிபார்ப்பதுதான் அவருக்குக் கட்டணம் கொடுப்பதன் காரணம்.

இரண்டு யோசனைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூத்த குடிமக்கள் திட்டத்துக்கு முகவர் கமிஷன் 2011 டிசம்பரிலேயே நிறுத்தப்பட்டது. டைரக்ட் பிளானிலும் கமிஷன் இல்லை. ஆகவே இரண்டாவது யோசனையின் 60 லட்சத்தில் விற்பவருக்கு ஏறக்குறைய எதுவும் கிடைக்காது. அதனால்தான் அந்தத் தொலைபேசி அழைப்பில் தபால் நிலையத்தின் பெயர் அடிபடுவதே இல்லை.

ரெகுலர், டைரக்ட் இரண்டுக்கும் செலவில் ஆண்டுக்கு 0.8 சதவீத வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், 57 லட்சத்துக்கு 45,600 ரூபாய். நீங்கள் காசோலை எழுதுவதில்லை, யூனிட்டின் விலையான என்ஏவியிலிருந்தே கழிகிறது, அதனால் ‘இலவச ஆலோசனை’ போலத் தோன்றுகிறது. ஆர்ஐஏ 30,000 ரூபாய் பில் நீட்டும்போது மட்டும் நமக்கு வலிக்கிறது! ஆனால் நியாயமாகச் சொன்னால், இந்தக் கணக்கு எல்லோருக்கும் ஒத்துவராது. சேமிப்பு 10 லட்சம்தான் என்றால் அந்த 0.8 சதவீதம் 8,000 ரூபாய். அவருக்கு ஆண்டுக்கு ஆண்டு 30,000 கட்டணம் வீண். ஒருமுறை மட்டும் கட்டணம் வாங்கித் திட்டம் எழுதித் தருபவர் போதும்.

இப்போது என்ன கமிஷன் போகிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. மியூச்சுவல் ஃபண்டுகளுக்கான ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும். அதில் விநியோகஸ்தருக்குக் கொடுத்த தொகை ரூபாயிலேயே அச்சாகியிருக்கும். பலரும் அந்த மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை.

பதிவைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். ஆர்ஐஏவின் பதிவு எண் INA என்று தொடங்கும். ARN என்று தொடங்கினால் அவர் விநியோகஸ்தர், விசிட்டிங் கார்டில் என்ன அச்சிட்டிருந்தாலும் சரி. sebi.gov.in தளத்தில் பதிவுபெற்ற இடைத்தரகர் பட்டியலில் எண்ணைத் தேடி, பெயர் பொருந்துகிறதா என்று பாருங்கள். பிறகு அந்தப் பட்டியலில் உள்ள தொலைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ தொடர்புகொள்ளுங்கள், வாட்ஸ்ஆப்பில் வந்த எண்ணுக்கு அல்ல. உண்மையான ஆலோசகரின் எண்ணைத் திருடி ஒட்டிக்கொண்டு நடக்கும் மோசடி இங்கேதான் பிடிபடும்.

அடுத்தது ஒப்பந்தம். கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லாமல் ஆர்ஐஏ கட்டணம் வாங்கக் கூடாது. உங்கள் இடர்தாங்கும் திறனை மதிப்பிட்ட பிறகே யோசனை வர வேண்டும், அதற்கான காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். முதலீட்டுப் பணம் ஃபண்டுக்கோ வங்கிக்கோ நேராகப் போகும், ஆலோசகரின் கணக்குக்கு ஒருபோதும் போகாது. உறுதியான லாபம் என்று அவர் வாயைத் திறந்தால் அங்கேயே எழுந்துவிடலாம்.

ஃபிடூசியரி என்றாலும் நலன் முரண் அடியோடு ஒழிந்துவிடுவதில்லை. நிர்வகிக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் வாங்குபவரிடம், “மிச்சமுள்ள வீட்டுக் கடனை இந்தப் பணத்தில் அடைத்துவிடட்டுமா?” என்று கேட்டுப் பாருங்கள். அடைத்தால் அவர் கட்டணம் குறையும். எவ்வளவு குறையும் என்பதை அவரே சொல்லிவிட்டுப் பதில் சொன்னால் 15ஆவது விதி வேலை செய்கிறது என்று பொருள்.

ஏற்கெனவே பாலிசியில் கையெழுத்திட்டிருந்தால், பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் ஃப்ரீ லுக் காலம் உண்டு. அதற்குள் எழுத்துப்பூர்வமாகத் திருப்பிக் கொடுத்தால் சிறு பிடித்தங்கள் போகப் பிரீமியம் திரும்பும். ஆர்ஐஏ மீதான புகாருக்கு scores.sebi.gov.in இருக்கிறது; அங்கே ஒப்பந்தமும், காரணம் எழுதிய தாளும், கட்டண ரசீதும்தான் உங்கள் சாட்சி.