சம்பளத்தை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள்

பட்டர்வொர்த்தில், மற்றவர்களின் சரக்கைக் கப்பலில் அனுப்பிவைக்கும் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனிக்கு ஆள் எடுக்கும் பொறுப்பு என்னுடையது. அதிகமாகத் தேடுவது ஷிப்பிங் எக்ஸிகியூட்டிவ்களைத்தான். புக்கிங் போடுவது, பில் ஆஃப் லேடிங் பார்ப்பது, சுங்கத்துறைக்கு கே2 என்ற ஏற்றுமதிப் பாரம் அனுப்புவது, கப்பல் கட்-ஆஃப் நேரத்துக்குள் எல்லாவற்றையும் முடிப்பது என்று மேசையில் உட்கார்ந்து செய்யும் வேலைதான். ஆனாலும் அனுபவம் உள்ள ஆள் சுலபத்தில் கிடைப்பதில்லை.

இந்தத் துறையில் பலர் இன்னமும் விளம்பரத்தில் 'சம்பளம் நேரில் பேசலாம்' என்றுதான் போடுகிறார்கள். சரி, நேரில் பேசுவதற்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் வேலை செய்யும் ஒரு பிள்ளை அரை நாள் லீவு போட்டு, பாலத்தைத் தாண்டி வர வேண்டும். நம் ஆபரேஷன்ஸ் மேனேஜர் கப்பல் வேலையை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். பிடித்துப்போனால் அடுத்த வாரம் முதலாளியோடு இரண்டாவது நேர்காணல். அதன் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் முதல் முறையாக ஒரு எண் வாயில் வரும். அந்த எண் ஒத்துவரவில்லை என்றால் இரண்டு வாரம் போச்சு. அதற்குள் பட்டியலில் அடுத்து இருந்தவரும் வேறு இடத்தில் சேர்ந்திருப்பார்.

முதல் போனில் சம்பளத்தைச் சொல்வதற்கு முன்னால், சொல்ல ஓர் எண் நம்மிடம் இருக்க வேண்டும். பல கம்பெனிகளில் அதுவே இருப்பதில்லை. முதலாளியைக் கேட்டால் "நல்ல ஆளா இருந்தா பாத்துக்கலாம்மா" என்பார். அதை விடக்கூடாது. "எவ்வளவுக்கு மேல போனா நீங்க கையெழுத்துப் போட மாட்டீங்க, பாஸ்?" என்று கேட்டால் உண்மையான எண் வரும்.

அப்படி வரும் எண் எதைச் சேர்த்தது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். முதலாளி "5,000" என்றால், பெரும்பாலும் மாதம் தன் கையை விட்டுப் போகும் மொத்தத்தைச் சொல்கிறார். சம்பளம் 4,300 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 5,000 வரை சம்பளம் உள்ளவர்களுக்கு இபிஎஃப் சேமநிதிக்கு முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, அதாவது 559. சமூகப் பாதுகாப்புக்கான சொக்சோவும் வேலைக் காப்புறுதியும் சேர்ந்து இன்னும் ஏறக்குறைய 83. மொத்தம் 4,942 ஆகிவிடுகிறது. ஆக, அந்த 5,000-க்குள் நிற்க வேண்டுமானால் நாம் போனில் சொல்லக்கூடிய உச்ச எண் ஏறக்குறைய 4,300-தான். இதைப் பிரிக்காமல் போனில் 5,000 என்று சொல்லிவிட்டால், பிறகு ஆஃபர் கடிதத்தில் 4,300 என்று எழுதும்போது வருகிறவர் ஏமாற்றிவிட்டதாகத்தான் நினைப்பார்.

எப்போது சொல்வது? எடுத்த எடுப்பிலேயே சொன்னால் சந்தைக் கடையில் விலை பேசுவது போல இருக்கும், கடைசியில் சொன்னால் இவ்வளவு நேரம் பேசியது வீண். வேலை என்ன, இடம் எங்கே, நேரம் எப்படி என்று இரண்டு மூன்று நிமிடம் சொன்னதும் சொல்லிவிடுவேன். என் வாசகம் ஆரம்பத்தில் ஏறக்குறைய இப்படி இருந்தது: "வேலை பட்டர்வொர்த்துல. சனிக்கிழமை அரை நாள் உண்டு, கட்-ஆஃப் இருக்குற நாள்ல லேட்டாகும். இந்த வேலைக்கு நாங்க ஒதுக்கியிருக்குறது மாசம் 3,800-லேர்ந்து 4,300 வரைக்கும், இபிஎஃப் கழிக்கிறதுக்கு முன்னால. 4,300 யாருக்குன்னா, கே2 தானே போடத் தெரிஞ்சவங்களுக்கு. உங்களுக்கு ஒத்துவருமா?"

இதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். நம்மில் பலருக்கு அந்த மௌனம் தாங்காது. உடனே "ஆனா போனஸ் உண்டு, ஏறும்" என்று அடுக்க ஆரம்பித்துவிடுவோம். மறுமுனையில் இருப்பவர் மனதில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். அதைக் கலைக்காதீர்கள்.

'கழிக்கிறதுக்கு முன்னால' என்ற சொல் அந்த வாசகத்தில் சும்மா இல்லை. இங்கே பல பேர், குறிப்பாக இளவயதினர், சம்பளம் என்றால் கைக்கு வருவதைத்தான் சொல்வார்கள். "எனக்கு நாலாயிரம் வேணும் மேடம்" என்று ஒருவர் சொல்லும்போது அவர் கைக்கு 4,000 கேட்கிறார் என்றால், இபிஎஃப் 11 விழுக்காடும் மற்றப் பிடித்தங்களும் போக அது வர, சம்பளம் 4,500-ஐத் தாண்ட வேண்டும். இருவரும் ஒரே எண்ணைச் சொல்லித் தலையாட்டிவிட்டு, மனதில் 500 வெள்ளி வித்தியாசத்தோடு நேர்காணலுக்கு வருவது இப்படித்தான்.

இதைவிடப் பெரிய பள்ளம் ஓவர்டைமில் இருக்கிறது. எங்கள் துறையில் பொருந்தாமல் போகும் ஆட்களில் பெரும்பகுதி இங்கேதான் விழுகிறார்கள்.

2023 ஜனவரி 1 முதல் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் எல்லாத் தொழிலாளர்களுக்கும் பொருந்துகிறது. ஆனால் மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேல் போனால், சட்டப்படியான ஓவர்டைம் உரிமை கிடையாது. கைவேலை செய்பவர்களுக்கும், கூடவே நின்று அவர்களை மேற்பார்வை பார்ப்பவர்களுக்கும் இந்த எல்லை இல்லை. மேசை வேலை செய்யும் ஷிப்பிங் எக்ஸிகியூட்டிவுக்கு உண்டு. இந்த 4,000 கணக்கில் ஓவர்டைம் பணமும் கமிஷனும் சேராது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தீவுப் பக்கம் வேறொரு ஃபார்வர்டரிடம் வேலை செய்யும் ஒருவர், சம்பளம் 3,600. நாங்கள் 4,200 தருகிறோம். விளம்பரத்தைப் பார்க்கும் யாருக்கும் 600 வெள்ளி உயர்வு என்றுதான் தோன்றும், அவரும் ஆசையோடுதான் போன் எடுப்பார். ஆனால் அவர் மாதம் 30 மணி நேரம் ஓவர்டைம் செய்கிறார். 3,600-ஐ 26-ஆல் வகுத்து, அதை 8 மணி நேரத்தால் வகுத்து, ஒன்றரை மடங்காக்கினால் மணிக்கு ஏறக்குறைய 26 வெள்ளி. முப்பது மணிக்கு 780. அவருடைய மாத வரவு 4,380. ஓவர்டைம் பணத்துக்கு இபிஎஃப் பிடிப்பதில்லை என்பதால் 3,600-க்கு மட்டும் 396 போகும், சொக்சோவும் வேலைக் காப்புறுதியும் ஒரு 30. வருமான வரியை விட்டுவிட்டால் கைக்கு 3,950 அளவில் வருகிறது.

எங்களிடம் 4,200 என்றால் இபிஎஃப் 462, மற்றவை 29, கைக்கு 3,710 அளவில். கப்பல் எங்கே போனாலும் கப்பல்தான், இங்கேயும் அதே 30 மணி நேரம் அவர் கூடுதலாக உட்காரத்தான் போகிறார். ஆக 'உயர்வு' வாங்கிக்கொண்டு மாதம் 240 வெள்ளி குறைவாக வீட்டுக்குக் கொண்டுபோவார். இபிஎஃப் சேமிப்பு கூடும், அது உண்மை. ஆனால் கார் தவணை கட்ட அது உதவாது. காரில் வந்து போனால் பாலத்தின் டோல் வேறு.

எனவே நான் முதலில் சொல்லிவந்த 3,800-லிருந்து 4,300 போல, 4,000-ஐக் குறுக்கே தாண்டும் ஒரு வரம்பு உண்மையில் ஒரே வரம்பு அல்ல. இந்தக் கணக்கை முதலாளியிடம் காட்டிய பிறகு நாங்கள் அதை இரண்டாகப் பிரித்துவிட்டோம். அனுபவம் குறைந்தவர்களுக்கு 3,700-லிருந்து 3,950 வரை, ஓவர்டைம் உண்டு. தனியாகப் பொறுப்பெடுக்கக்கூடியவர்களுக்கு 4,200-லிருந்து 4,300, ஓவர்டைம் இல்லை. போனிலும் அப்படியே சொல்கிறோம். 4,000-க்கு மேலும் ஓவர்டைம் கொடுக்கும் கம்பெனிகள் இருக்கின்றன, ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்க எந்தத் தடையும் இல்லை. கொடுப்பதாக இருந்தால் அதையும் போனிலேயே சொல்லுங்கள், நல்ல ஆள் வருவதற்கு அதுவே காரணமாகலாம்.

எண்ணைச் சொன்ன பிறகு நான் கேட்பது ஒன்றுதான்: "நீங்க எதிர்பார்க்குறதுல ஓவர்டைம் சேர்ந்திருக்கா?" சம்பளச் சீட்டை அனுப்பச் சொல்வதில்லை. முதல் போனிலேயே சீட்டு கேட்டால் பாதிப் பேர் அடுத்த அழைப்பை எடுக்கமாட்டார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது.

பதிலைப் படிக்கத் தெரிய வேண்டும். "ஒத்துவரும், எப்ப வரணும்?" என்றால் சரி. "4,500-க்குக் கீழ கஷ்டம் மேடம்" என்றாலும் சரிதான், நன்றி சொல்லி வைத்துவிடலாம், வேறு வேலை வந்தால் கூப்பிடலாம். சிக்கல் "பரவால்ல, நேர்ல வந்து பேசிக்கலாம்" என்ற பதிலில்தான். அப்படிச் சொல்பவர் நம் எண்ணை ஏற்கவில்லை. நேரில் பார்த்தால் மனம் மாறும் என்று நினைக்கிறார். அவரிடம் நான் மறுபடி ஒருமுறை சொல்வேன்: "வாங்க, ஆனா நேர்ல பேசினாலும் 4,300-தான். அது ஓகேன்னா நேரம் போட்டுடுறேன்." இதற்குப் பிறகும் வருகிறவர் தெரிந்தே வருகிறார்.

வரம்பைச் சொன்னால் எல்லோரும் மேல் எண்ணைத்தான் கேட்பார்கள் என்று முதலாளிகள் பயப்படுவதுண்டு. கேட்பார்கள்தான். அதனால்தான் 4,300 யாருக்கு என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். கே2 போடத் தெரியாதவர் 4,300 கேட்டால் பதில் ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது. 3,500-லிருந்து 5,000 வரை என்று அகலமாக விரித்துச் சொல்வதில்தான் ஆபத்து அதிகம். கேட்பவர் காதில் 5,000 மட்டுமே விழும்.

உண்மையான தலைவலி உள்ளே இருக்கிறது. ஏற்கெனவே இதே வேலையை 3,600-க்குச் செய்துகொண்டிருக்கும் ஒருவர் நம் அலுவலகத்திலேயே இருப்பார். பினாங்கில் ஃபார்வர்டிங் துறை சின்ன வட்டம். காலையில் போனில் சொன்ன எண் மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் அவர் காதுக்கு வந்துவிடும். ஆகவே எண்ணை வெளியே சொல்லும் முன் உள்ளே இருப்பவரின் சம்பளத்தையும் முதலாளியோடு பேசி முடித்துவிட வேண்டும். சிலர் இந்தக் காரணத்துக்காகத்தான் எண்ணை மறைக்கிறார்கள். புது ஆள் சேர்ந்த முதல் மாதத்திலேயே அது எப்படியும் வெளியே வந்துவிடும்.

போனை வைத்ததும் நேர்காணல் தாளின் மேலேயே எழுதிவைக்கிறேன்: சொன்ன வரம்பு, ஓவர்டைம் உண்டா இல்லையா, அவர் கேட்ட எண், அது கழித்ததா கழிக்காததா. ஆபரேஷன்ஸ் மேனேஜர் உற்சாகத்தில் "4,500 வரைக்கும் பேசிப் பாக்கலாம்" என்று வாய் விட்டுவிடாமல் இருக்க, அந்தத் தாள் அவர் கண் முன்னால் இருக்க வேண்டும்.